சத்துமாவு பாக்கெட்டும் ஒரு கேப்ஷனும்

இன்ஸ்டாகிராமில் தனியாகத் தொழில் செய்யும் டிசைனர்களின் பக்கங்களைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரே மாதிரியான வாசகம்தான் படத்துக்குக் கீழே இருக்கும். “லோகோ, விசிட்டிங் கார்டு, பேனர், கல்யாணப் பத்திரிகை, லேபிள் என அனைத்து டிசைன் வேலைகளும் குறைந்த விலையில் தரமாகச் செய்து தரப்படும். விலைக்கு மெசேஜ் செய்யவும்.” படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்க்கும் ஒரு சிறு வியாபாரிக்கு எதுவும் பிடிபடாது. இவர் என் பொருளுக்குச் செய்வாரா, எவ்வளவு ஆகும், எத்தனை நாள், முதலில் நான் என்ன கொடுக்க வேண்டும்? நான்கு கேள்விக்கும் அங்கே பதில் இல்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர் அப்படியே கடந்து போய்விடுவார். கூச்சப்படாதவர் “எவ்ளோ?” என்று ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டு, விலையைக் கேட்டதும் காணாமல் போவார்.

படத்துக்குக் கீழே எழுதும் அந்த நாலு வரிக்குக் கேப்ஷன் என்று பெயர். அலுவலகமோ விற்பனை ஆளோ இல்லாமல் வீட்டிலிருந்து வேலை செய்யும் டிசைனருக்கு, அவர் சார்பில் முதலில் பேசுவது அதுதான். அதை எழுத ஒரு நல்ல வழி உண்டு. பத்து வேலைகளைக் காட்டாமல், சமீபத்தில் முடித்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதில் எடுத்த ஒரே ஒரு முடிவை விளக்கி, அதே மாதிரி வேலை வேண்டுமென்றால் எப்படித் தொடங்குவது என்று முடிப்பது. கேட்க எளிதாக இருந்தாலும், எந்த முடிவை எடுத்துச் சொல்வது என்பதில்தான் தொழில் தெரிந்தவர் யார் என்பது வெளிப்படும்.

ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். வீட்டில் சத்துமாவு தயாரித்து அரை கிலோ பாக்கெட்டாக விற்கும் ஒரு பெண்மணி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குச் சுமார் 300 பாக்கெட் போகிறது. அக்கம்பக்கத்துக் கடைகளில் வைக்கத் தொடங்கியிருக்கிறார். கடைக்காரர் “நல்ல லேபிள் போடுங்கம்மா” என்று சொல்லிவிட்டார். அவர் ஒரு டிசைனரிடம் வருகிறார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு படம் வரையும் வேலை. ஆனால் டிசைனர் முதலில் யோசிக்க வேண்டியது, அந்தப் படம் எதன் மேல் அச்சாகப் போகிறது என்பது. கடைகளில் நாம் பார்க்கும் பெரிய கம்பெனிப் பவுச்சுகளில் படம் பவுச்சிலேயே அச்சாகியிருக்கும். அந்த அச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். அந்தச் செலவு பல்லாயிரக்கணக்கான பாக்கெட்டுகளில் பரவினால்தான் கட்டுப்படியாகும். மாதம் 300 பாக்கெட் போடுகிறவருக்கு அது ஒத்துவராது. ஆகவே கடையில் கிடைக்கும் சாதாரண ஜிப் பவுச்சை வாங்கி, அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வழி.

அடுத்து ஸ்டிக்கர் எந்தத் தாளில்? மாவு பாக்கெட்டைச் சமையலறையில் ஈரக் கையோடு எடுப்பார்கள். அதனால் முன்பக்கத்துக்கு லேமினேஷன் வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்கும் இடம் வருகிறது. உணவுப் பொருள் பாக்கெட்டில் தயாரித்த தேதி, பேட்ச் எண், எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு முறை மாவு அரைக்கும்போதும் இவை மாறும். ஆகவே சிறு தயாரிப்பாளர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ரப்பர் ஸ்டாம்பால் குத்துவார்கள். வழவழப்பான லேமினேஷன் மேல் சாதாரண ஸ்டாம்ப் மை உறிஞ்சாது. விரல் பட்டால் இழுபடும், பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசினால் அழிந்துபோகும். தேதி தெரியாத பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். இதை டிசைனர் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் அந்த டிசைனர் எடுக்கும் முடிவு: ஒரு பெரிய ஸ்டிக்கருக்குப் பதில் இரண்டு. முன்பக்கம் லேமினேஷன் போட்டது. அதில் பெயர், படம், எடை, பச்சை நிறச் சைவக் குறி. பின்பக்கம் லேமினேஷன் இல்லாத மேப்லித்தோ தாள். சேர்மானம், சத்துப் பட்டியல், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், விலை, தேதிக்கான காலி இடம் எல்லாம் அதில். தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. முந்திரி விலை ஏறி பாக்கெட் விலையை மாற்ற வேண்டி வந்தாலும், சேர்மானத்தில் ஒரு தானியத்தைக் கூட்டினாலும், மலிவான பின் ஸ்டிக்கரை மட்டும் மறுபடி அடித்தால் போதும். முன் ஸ்டிக்கரை ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் அடித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு முடிவு போதும், கேப்ஷனுக்கு. நிறம் ஏன் அந்த மஞ்சள், எழுத்து ஏன் அந்த வடிவம் என்பதையெல்லாம் எழுத ஆசை வரும். அவை உண்மையாகவே யோசித்துச் செய்தவையாக இருந்தாலும், வியாபாரியின் மனதில் ஒட்டாது. ஸ்டாம்ப் அழிகிற தொல்லை அவர் தினமும் படுவது. அதைத் தீர்த்தவரை அவர் மறக்க மாட்டார். அந்தக் கேப்ஷன் இப்படி இருக்கலாம்:

“பாக்கெட்டில் குத்திய தேதி அழிஞ்சு போகுதா? இந்த சத்துமாவு பாக்கெட்டில் அழியாது.

வீட்டிலேயே சத்துமாவு தயாரிக்கிற ஒரு அக்காவுக்குச் செஞ்ச லேபிள் இது. மாசம் 300 பாக்கெட் போடுறாங்க. பவுச்சிலேயே அச்சடிக்கிற அளவு கிடையாது. அதனால சாதாரண பழுப்புப் பவுச், அதுக்கு ரெண்டு ஸ்டிக்கர்.

முன்பக்கம் லேமினேஷன் போட்டது. ஈரக் கை பட்டாலும் ஒண்ணும் ஆகாது. பின்பக்கம் லேமினேஷன் இல்லாத தாள். தேதியும் பேட்ச் நம்பரும் குத்தினா அப்படியே பிடிச்சுக்கும். விலை மாறினா பின் ஸ்டிக்கர் மட்டும் திரும்ப அடிச்சுக்கலாம்.

நான் செஞ்சது: ரெண்டு ஸ்டிக்கருக்கும் டிசைன், தமிழ் ஆங்கில எழுத்து, அச்சகத்துக்குக் கொடுக்கும் ஃபைல், முதல் அச்சைப் பார்த்துச் சரிசெய்தது.

உங்க பொருளுக்கும் இப்படி வேணும்னா ‘லேபிள்’னு ஒரு மெசேஜ் போடுங்க. கூடவே மூணு விஷயம் சொல்லுங்க: பொருள் என்ன, எத்தனை கிராம். இப்ப எதுல போட்டு விக்கிறீங்க, ஒரு போட்டோ. எந்தத் தேதிக்குள்ள கையில வேணும்.

ரெண்டு ஸ்டிக்கர் டிசைன் ரூ.6,000-லிருந்து. அச்சுக்கூலி தனி. பாதிப் பணம் வந்ததும் வேலை ஆரம்பம். அஞ்சு வேலை நாளில் முதல் மாதிரி. ரெண்டு முறை திருத்தம் இதிலேயே அடக்கம்.”

இதில் உள்ள விலை எடுத்துக்காட்டுக்குச் சொன்னது. ஊருக்கும் அனுபவத்துக்கும் தக்கபடி அது மாறும். மற்றபடி ஒவ்வொரு வரியும் ஒரு காரணத்தோடு அங்கே இருக்கிறது.

முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் முழுக் கேப்ஷனையும் காட்டாது. தொடக்கத்தில் ஓரிரு வரியைக் காட்டிவிட்டு மீதியை மடித்து வைத்துவிடும். விரல் நிற்பதும் நகர்வதும் அந்த இடத்தில்தான். “வணக்கம் நண்பர்களே, மகிழ்ச்சியுடன் பகிர்கிறேன்” என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும். அங்கே வியாபாரியின் தொல்லை இருக்க வேண்டும், அவர் சொல்லும் வார்த்தையிலேயே. “பேக்கேஜிங் தீர்வுகள்” என்று எழுதினால் அது தனக்கு என்று அவருக்குத் தோன்றாது. “குத்திய தேதி அழியுதா” என்றால் தோன்றும். கேப்ஷனுக்கு 2,200 எழுத்து என்ற மேல்வரம்பும் இருக்கிறது. தமிழில் ‘பொ’ என்பதைக் கணினி இரண்டாக எண்ணும், மெய்யெழுத்தின் புள்ளியைத் தனியாக எண்ணும். ஆகவே ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தமிழில் அந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். மேலே உள்ள கேப்ஷன் அதற்குள் தாராளமாக அடங்கும்.

“நான் செஞ்சது” என்ற வரி சிறியதுதான். ஆனால் பின்னால் வரும் மனத்தாங்கல்களில் பாதியை அது முன்கூட்டியே தடுக்கிறது. லேபிள் செய்து தருகிறேன் என்றால் அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கையில் தருவார் என்று நினைப்பவர்கள் நிறைய. பொருளைப் போட்டோ எடுப்பது, சத்துப் பட்டியலுக்கு ஆய்வகத்தில் பரிசோதிப்பது, உரிமம் வாங்குவது எல்லாமே டிசைனர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பவர்களும் உண்டு. செய்ததைப் பட்டியலிட்டால், அதில் இல்லாதது தானாகவே தெரிந்துவிடும். “இதெல்லாம் செய்ய மாட்டேன்” என்று கறாராக எழுத வேண்டிய தேவை வராது.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினியில் செய்த மாதிரிப் படத்தில் பாக்கெட் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மிதக்கும். அதைவிட, நிஜமாக மாவு நிரம்பிய பாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்த படமே நம்பிக்கை தரும். இந்தக் கேப்ஷனுக்கு இரண்டாவது படமாகப் பின் ஸ்டிக்கரில் தேதி குத்திய இடத்தை மிக அருகில் எடுத்துப் போட வேண்டும். எழுத்தில் சொன்னதற்கு அதுதான் சாட்சி. பழைய லேபிளையும் புதிய லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பழையது அந்த அம்மா தன் கையால், இருந்த காசுக்குச் செய்துகொண்டது. அதை ஊரார் முன்னால் மட்டமாகக் காட்டுவது அவர் மனதைப் புண்படுத்தும். பொருளின் பெயரையும் படத்தையும் வெளியிட அவரிடம் முதலிலேயே கேட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு சம்மதம் வாங்கி வைத்துக்கொள்வதும் அவசியம். கடைக்குப் பொருள் போவதற்கு முன்னால் படம் வெளியாவதைப் பலர் விரும்ப மாட்டார்கள்.

இனி, எப்படித் தொடங்குவது என்ற பகுதி. கேப்ஷனில் மிகவும் உழைக்க வேண்டிய இடம் இது. ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னால் சிறு வியாபாரி போய்விடுவார். எதுவுமே கேட்காமல் “தொடர்பு கொள்ளவும்” என்றால், வருகிற ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே பொழுது போய்விடும். மூன்று கேள்வி என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவு. பொருளும் எடையும் தெரிந்தால் ஸ்டிக்கர் அளவும், எந்த விதிகள் பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும். எடையை எழுதும் எழுத்தின் உயரத்துக்குக்கூடச் சட்டத்தில் குறைந்தபட்ச அளவு இருக்கிறது. இப்போதைய பாக்கெட்டின் போட்டோ, பத்து நிமிடப் பேச்சு சொல்லாததைச் சொல்லிவிடும். எந்தப் பவுச், எந்த மொழி, உரிம எண் இருக்கிறதா, எதையெல்லாம் விட்டிருக்கிறார் என எல்லாம் அதில் தெரியும். தேதி கேட்பது, “நாளைக்கு வேணும்” என்பவரை முதலிலேயே அடையாளம் காண உதவும்.

கேப்ஷனுக்குள் போடும் இணைப்பை விரலால் தொட்டால் திறக்காது, வெறும் எழுத்தாகவே நிற்கும். ஆகவே வாட்ஸ்அப் இணைப்பைச் சுயவிவரப் பகுதியில் வைக்க வேண்டும். கீழே உள்ளபடி அமைத்தால், தொட்டதும் உரையாடல் திறந்து, தட்டச்சு செய்யும் இடத்தில் அந்த வார்த்தை தயாராக நிற்கும். அனுப்புவதற்கு ஒரு தட்டு போதும். எந்தக் கேப்ஷனைப் பார்த்து வந்தவர் என்பதும் டிசைனருக்குத் தெரிந்துவிடும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=%E0%AE%B2%E0%AF%87%E0%AE%AA%E0%AE%BF%E0%AE%B3%E0%AF%8D
```

அடுத்து விலை. “விலைக்கு மெசேஜ் செய்யவும்” என்று எழுதுபவர்களுக்கு அவர்களுடைய நியாயம் இருக்கிறது. வேலையின் அளவு தெரியாமல் விலை சொல்ல முடியாது என்பது உண்மைதான். அதற்காகத்தான் “லிருந்து” என்ற சொல் இருக்கிறது. தொடக்க விலையை எழுதிவிட்டால், ஐந்நூறு ரூபாய்க்கு லேபிள் தேடுபவர் தானாக விலகிக்கொள்வார். கேட்க வெட்கப்பட்டு ஒதுங்கியிருந்தவர், தனக்குக் கட்டுப்படியாகும் என்று தெரிந்து உள்ளே வருவார். “அச்சுக்கூலி தனி” என்ற இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிடவே கூடாது.

முன்பணம் பாதி என்பது பேராசையில் கேட்பது இல்லை. லேபிள் வேலையில் உழைப்பின் பெரும்பகுதி முதல் மாதிரிக்கு முன்பே முடிந்துவிடும். மாதிரியைப் பார்த்துவிட்டு “யோசிச்சுச் சொல்றேன்” என்று போய்விட்டால் டிசைனருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. திருத்தத்தின் எண்ணிக்கையைச் சொல்வதோடு, எது திருத்தம் என்பதையும் வேலை உறுதியானதும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மஞ்சளைக் கொஞ்சம் குறைப்பதும் எழுத்தைப் பெரிதாக்குவதும் திருத்தம். சத்துமாவை விட்டுவிட்டுக் “களி மாவுக்கும் இதையே மாத்திக் கொடுங்க” என்பது புது வேலை. எழுத்துப்பிழை டிசைனரால் நேர்ந்தது என்றால் எத்தனை முறையானாலும் இலவசமாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

எழுத்துப்பிழை என்றதும் தமிழ் லேபிளுக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். டிசைன் மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘தொடர்புக்கு’ என்று தட்டினால் ‘தொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத அச்சகக் கணினிக்காரர் அதை அப்படியே அச்சடித்துவிடுவார். டிசைனர் வீட்டில் சரியாக இருந்த ஃபைலும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் சிதைந்துவிடும். ஆகவே அச்சகத்துக்கு அனுப்பும் பி.டி.எஃப்.பில் எழுத்துகளை எல்லாம் வடிவக் கோடுகளாக மாற்றி அனுப்புவார்கள். மாற்றிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தன்னிடம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளை அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளையாகச் சிறிய அளவில் போட்டால், மை பரவிச் சுழி அடைத்துக்கொள்ளும். முகவரியும் சேர்மானமும் வெள்ளைத் தாளில் கறுப்பாக இருப்பதே நல்லது. கேப்ஷனில் “முதல் அச்சைப் பார்த்துச் சரிசெய்தது” என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான். திரையில் தெரியாதது, அச்சான முதல் தாளில் தெரியும். ஆயிரம் அடிப்பதற்கு முன்னால் அந்த ஒரு தாளைக் கையில் வாங்கி, ஸ்டாம்ப் குத்தி, விரலால் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும்.

அந்த மூலப் பிரதி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில்தான் நல்ல உறவுகளும் முறிகின்றன. “காசு கொடுத்துட்டேன், எல்லாமே எனக்குத்தான்” என்று வியாபாரி நினைப்பது இயல்பு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது பொதுவாக நிறுவனத்துக்குச் சேரும். தனியாக வேலை எடுத்துச் செய்பவரின் நிலை வேறு. அவரிடமிருந்து உரிமை மாற வேண்டுமென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அதன் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். சத்துமாவு நன்றாகப் போய் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டி வந்தால் இது சிக்கலாகலாம். கேப்ஷனில் இதை இழுக்க வேண்டியதில்லை. ஆனால் முன்பணம் வாங்கும்போது அனுப்பும் ஒரு பக்கக் கடிதத்தில், முழுப் பணம் வந்ததும் இந்த லேபிளின் உரிமை காலவரையின்றி, எல்லா நாட்டுக்கும் உங்களுக்கே என்றும், திருத்தக்கூடிய மூலப் பிரதி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் இவ்வளவு என்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம். லேபிளைப் பொறுத்தவரை உரிமையை முழுதாகக் கொடுத்துவிடுவதே நியாயம் என்பது என் கருத்து. அந்த அம்மாவின் வியாபாரமே அந்த முகத்தை நம்பித்தான் வளரப்போகிறது.

கேப்ஷன் வேலை செய்கிறதா என்பதை லைக் எண்ணிக்கையில் பார்க்க முடியாது. அதில் பாதிக்கு மேல் சக டிசைனர்கள் போட்டதாகத்தான் இருக்கும். வருகிற மெசேஜ்களைப் படித்தால் தெரியும். “கல்யாணப் பத்திரிகை செய்வீங்களா?” என்ற கேள்வி அடிக்கடி வந்தால், எந்த வேலை என்பது முதல் வரியில் தெளிவாக இல்லை. “ஆயிரம் ஸ்டிக்கர் எவ்ளோ?” என்று கேட்டால், அச்சும் டிசைனும் அவர் மனதில் ஒன்றாகக் கலந்திருக்கிறது என்று பொருள். “நான் செஞ்சது” என்ற வரியை மேலே ஏற்ற வேண்டும். வெறும் ‘லேபிள்’ மட்டும் வந்து, போட்டோவும் தேதியும் வராவிட்டால், மூன்று விஷயம் என்று சொன்ன இடம் நீண்ட பத்திக்குள் புதைந்துபோயிருக்கிறது. அதைத் தனித்தனி வரியாக உடைத்தாலே மாற்றம் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தால் வரும் மெசேஜ் இப்படி இருக்கும்: “லேபிள். இட்லிப் பொடி 200 கிராம். இப்ப பிளாஸ்டிக் டப்பால போடுறேன், போட்டோ அனுப்பியிருக்கேன். தை மாசத்துக்குள்ள வேணும்.” அதற்கு அன்றைக்கே பதில் போய்விட வேண்டும். விலைப் பட்டியலை உடனே அனுப்பாமல், அவருடைய போட்டோவைப் பார்த்தவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியோடு பேச்சைத் தொடங்குவது நல்லது. “அக்கா, எண்ணெய்ப் பிசுக்கு டப்பா ஓரத்துல தெரியுதே, இப்ப இருக்கிற ஸ்டிக்கர் உரிஞ்சு வருதா?”